7 எழுத்து, 13 குறி, 12 துண்டு: ஒரு தமிழ்ப் பெயர்ப்பலகையின் கணக்கு

வாசலில் மாட்டும் பெயர்ப்பலகைக்கு விலை கேட்டால், கடைக்காரர் முதலில் அளவைக் கேட்பார், அடுத்து எந்தப் பொருளில் வேண்டும் என்று கேட்பார். சதுர அடியும் பொருளும் தெரிந்துவிட்டால் விலை தெரிந்துவிடும் என்பது பொது வழக்கம். தமிழ்ப் பலகைக்கு அந்தக் கணக்கு போதாது. எழுத்து எத்தனை துண்டாக வெட்டப்படும், அதில் எத்தனை துண்டு சட்டைப் பொத்தானை விடச் சிறியது, கோப்பைச் சரிபார்க்க எவ்வளவு நேரம் ஆகும் என்பவைதான் செலவைக் கூட்டுகின்றன, குறைக்கின்றன. ஒரே ஒரு பலகையை எடுத்து அதை வரவு செலவுக் கணக்காகவே எழுதிப் பார்க்கிறேன்.

பலகையில் வரவேண்டிய பெயர் ‘பொருநை இல்லம்’. அடிப்பலகை 2 அடி நீளம், அரை அடி உயரம், அதாவது 1 சதுர அடி. 5 மி.மீ. கனமுள்ள கறுப்பு அக்ரிலிக். அதன் மேல் 3 மி.மீ. பொன்னிறக் கண்ணாடி அக்ரிலிக்கில் லேசரால் வெட்டிய எழுத்துகளை ஒட்ட வேண்டும். தமிழ்நாட்டில் எந்த ஊர் லேசர் கடையிலும் செய்து தரக்கூடிய சாதாரண வேலை.

முதலில் எண்ணிக்கை. பள்ளிக்கூடக் கணக்கில் பொ, ரு, நை, இ, ல், ல, ம் என 7 எழுத்துகள். கணினிக்குள் போனால் இந்த 7 இல்லை. யூனிகோடில் பெரும்பாலான உயிர்மெய் எழுத்துகளுக்குத் தனி எண் கிடையாது. அகரம் ஏறிய மெய்க்கு ஓர் எண், அதன்மேல் ஏறும் உயிர்க்குறிக்கு ஓர் எண், புள்ளிக்கு ஓர் எண். 12 உயிர், 1 ஆய்தம், 18 மெய், 11 உயிர்க்குறி, 1 புள்ளி என்று மொத்தம் 43 எண்களை வைத்தே 247 எழுத்துகளும் எழுதப்படுகின்றன. நம் பெயர் அதில் இப்படிச் சேமிக்கப்படுகிறது:

```
0BAA 0BCA 0BB0 0BC1 0BA8 0BC8 0020
0B87 0BB2 0BCD 0BB2 0BAE 0BCD
```

நடுவில் இருக்கும் `0020` சொல் இடைவெளி. அதையும் சேர்த்து 13 குறிகள். வரிசையைக் கவனியுங்கள். முதலில் ப, பிறகு ஒகரக் குறி. ந முதலில், ஐகாரக் குறி பிறகு. நாம் உச்சரிக்கும் வரிசை இது. பலகையில் கண்ணுக்குத் தெரியவேண்டிய வரிசை வேறு: ஒற்றைக்கொம்பு முதலில், பிறகு ப, பிறகு துணைக்கால், அடுத்து இணைக்கொம்பு, அதன் பிறகே ந. சேமித்த வரிசையிலிருந்து பார்க்கும் வரிசைக்கு எழுத்துகளை இடம் மாற்றி, ரகரத்தையும் உகரக் குறியையும் சேர்த்து ‘ரு’ என்ற ஒற்றை வடிவமாக்கித் தருவது மென்பொருளும் எழுத்துருவும் சேர்ந்து செய்யும் வேலை. இந்த வேலையைச் செய்யத் தெரியாத பழைய வரைகலை மென்பொருளில் இதே பெயரை ஒட்டினால், கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், ரகரமும் உகரக் குறியும் பிரிந்து கிடக்கும், சில இடங்களில் புள்ளிகளால் ஆன ஒரு சிறு வட்டம் முளைக்கும். அந்த வட்டம் தமிழ் எழுத்தே இல்லை. ‘இந்தக் குறிக்கு ஏறி உட்கார எழுத்து கிடைக்கவில்லை’ என்று மென்பொருள் காட்டும் அடையாளம். லேசருக்கு அது தெரியாது. அந்த வட்டத்தையும் அது வெட்டித் தரும்.

யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள் இன்னும் பல அச்சகங்களிலும் பலகைக் கடைகளிலும் புழக்கத்தில் உள்ளன. பாமினி அவற்றில் மிகவும் தெரிந்த பெயர். பாமினியில் நம் பலகைப் பெயரை இப்படித் தட்டச்சு செய்ய வேண்டும்:

```
nghUie ,y;yk;
```

இதையும் எண்ணினால் இடைவெளியோடு 13தான் வருகிறது. ஆனால் இரண்டு 13ம் ஒன்றல்ல. யூனிகோடில் ஒரே எண்ணாக இருக்கும் ஒகரக் குறி இங்கே கொம்பு, கால் என இரண்டாகிவிட்டது. அங்கே இரண்டாக இருந்த ரகரமும் உகரமும் இங்கே `U` என்ற ஒற்றை விசையாகிவிட்டது. பாமினி கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கிறது, அதனால்தான் எந்தப் பழைய மென்பொருளிலும் அது உடையாமல் நிற்கிறது. நீங்கள் கைப்பேசியில் அனுப்பும் பெயர் யூனிகோடு. கடைக்காரர் அதை அப்படியே எடுத்து எழுத்துருவை மட்டும் பாமினிக்கு மாற்றினால், பாமினி வடிவம் வராது. ஒன்று வெற்றுக் கட்டங்கள் வரும், அல்லது கணினி தானாக வேறொரு தமிழ் எழுத்துருவைப் போட்டுவிடும். இரண்டாவதுதான் ஆபத்து, ஏனென்றால் பார்வைக்குச் சரியாக இருக்கும், நீங்கள் தேர்ந்த எழுத்துரு மட்டும் அங்கே இருக்காது. குறியேற்ற மாற்றி கொண்டு மாற்றிய பிறகே பாமினியில் ஒட்ட வேண்டும்.

இன்னொரு பிழை தட்டச்சிலேயே நுழைகிறது. துணைக்காலும் ரகரமும் பல எழுத்துருக்களில் ஏறத்தாழ ஒரே தோற்றம் கொண்டவை. ரகரத்தின் அடியில் சாய்ந்து இறங்கும் சிறு கோடு மட்டுமே வேறுபாடு. கொம்பு, ப, ரகரம் என்று அடித்துவிட்டு ‘பொ’ கிடைத்ததாக நினைப்பவர்கள் உண்டு. சிறிய திரையில் இது கண்ணுக்குப் படாது, 34 மி.மீ. உயரத்தில் வாசலில் தொங்கும்போது படும். சரிபார்க்க எளிய வழி, பெயரை வேறொரு எழுத்துருவில் போட்டுப் பார்ப்பது. ரகரத்தின் அடிக்கோடு நீண்டிருக்கும் எழுத்துருவில் கள்ளக்கால் உடனே தெரிந்துவிடும்.

இனி சேர்ந்து வரும் வடிவங்கள். தமிழில் பிற இந்திய எழுத்துகளைப் போலக் கூட்டெழுத்துகள் நூற்றுக்கணக்கில் இல்லை. மெய்கள் பெரும்பாலும் புள்ளியோடு தனித்தனியே நிற்கின்றன. உகர, ஊகார வரிசைகளில்தான் எழுத்தும் குறியும் ஒன்றாகக் கரைந்து புது வடிவம் பெறுகின்றன. 18 மெய்க்கு 2 வீதம் 36 வடிவங்கள். உகர வரிசையை மட்டும் எடுத்தால் அதிலும் மூன்று குடும்பங்கள் தெரியும். கு, டு, மு, ரு, ழு, ளு என்ற 6லும் கோடு வளைந்து சுற்றிக்கொண்டு வருகிறது. ஙு, சு, பு, யு, வு என்ற 5லும் கீழே இறங்குகிறது. ஞு, ணு, து, நு, லு, று, னு என்ற 7லும் கீழே போய்த் திரும்பி மேலே ஏறுகிறது. இகர, ஈகார வரிசைகளில் டி, டீ இரண்டும் தனிப்போக்கு. எழுத்துரு வடிவமைப்பாளரின் கைத்திறன் ‘அ’வில் தெரிவதை விட இந்த 36ல்தான் தெரியும். ஒரு தமிழ் எழுத்துருவைப் பலகைக்கு எடுப்பதற்கு முன் ரு, ரூ, ழு, ளு, ணை, ஞ, டீ, ஸ்ரீ ஆகியவற்றைப் பெரிதாக எழுதிப் பார்த்துவிடுங்கள். ருவும் ரூவும் பத்தடி தூரத்தில் பிரித்தறிய முடியவில்லை என்றால் அந்த எழுத்துரு பலகைக்கு ஆகாது, புத்தகத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும்.

பழைய பலகையைப் புதுப்பிக்கிறவர்களுக்கு இங்கே ஒரு சேதி. 1978ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணா, றா, னா, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ, ணை, லை, ளை, னை என்ற 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. தாத்தா காலத்துப் பலகையில் துதிக்கையோடு நிற்கும் ‘லை’யை அப்படியே திரும்ப வெட்ட விரும்பினால், இன்றைய பொதுவான எழுத்துருக்களில் அது கிடைக்காது. பலகையைப் படமெடுத்து அந்த ஒரு எழுத்தைக் கையால் வரைந்து சேர்க்க வேண்டியிருக்கும். அந்த வரைவு வேலைக்குத் தனிக்கூலி கேட்பது நியாயம்தான்.

நம் பலகையில் கரைந்து சேர்ந்த வடிவம் ஒன்றே ஒன்று, ரு. கொம்பும் காலும் எழுத்தைத் தொடாமல் தனியே நிற்பவை. புள்ளிகளும் அப்படியே. ஆகவே வெட்டி எடுக்கும்போது கையில் வரும் துண்டுகள்: கொம்பு, ப, கால், ரு, இணைக்கொம்பு, ந, இ, ல, ஒரு புள்ளி, ல, ம, இன்னொரு புள்ளி. மொத்தம் 12. இந்த 12ஐ மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தப் பலகையின் சரிபார்ப்பு முழுவதும் இந்த எண்ணில்தான் இருக்கிறது. உங்கள் பெயருக்கு இந்த எண் வேறாக இருக்கும். ஒரு தாளில் எழுதி, ஒன்றையொன்று தொடாத பகுதிகளை எண்ணினால் கிடைத்துவிடும்.

எழுத்துருத் தேர்வுக்கு வருவோம். அடிப்பலகை 610 மி.மீ. நீளம். இரு ஓரத்திலும் 45 மி.மீ. விட்டால் எழுத்துக்குக் கிடைப்பது 520 மி.மீ. தமிழ் எழுத்துகள் அகலமானவை. அந்த நீளத்துக்குள் இந்தப் பெயரை அடக்கினால் ப எழுத்தின் உயரம் 34 மி.மீ. அளவில் நிற்கிறது. மேலே புள்ளிக்கும் கீழே ருவின் வாலுக்கும் சேர்த்து மொத்த உயரம் 61 மி.மீ. எழுத்துருவைப் பொறுத்து இது சில மில்லிமீட்டர் கூடும், குறையும். பலகைத் தொழிலில் 10 அடி தூரத்துக்கு 1 அங்குல எழுத்து என்று ஒரு கைக்கணக்கு உண்டு. அதன்படி 34 மி.மீ. எழுத்து சுமார் 13 அடிக்குத் தெளிவாக இருக்கும். தமிழுக்கு இந்த உயரத்தை ப எழுத்தில்தான் அளக்க வேண்டும். புள்ளியிலிருந்து வால் வரை அளந்து 61 மி.மீ. என்று சொல்லிக்கொண்டால் ஏமாற்றமே.

தெரு 20 அடி தள்ளி இருக்கிறது என்றால் எழுத்து 51 மி.மீ. ஆக வேண்டும், அதாவது ஒன்றரை மடங்கு. ஒரே வரியில் வைத்தால் பலகை 3 அடிக்கு முக்கால் அடி, 2¼ சதுர அடி. ‘பொருநை’ மேலே, ‘இல்லம்’ கீழே என இரு வரியாக்கினால் ஒன்றேமுக்கால் அடிக்கு ஓரடி போதும், 1¾ சதுர அடி. அதே எழுத்தளவுக்கு அரை சதுர அடி மிச்சம். தமிழ்ப் பெயர்களுக்கு நீள்பலகையை விட இரு வரிப் பலகை பெரும்பாலும் மலிவு.

அடுத்தது கோட்டின் தடிமன். 3 மி.மீ. தகட்டில் வெட்டும் எழுத்தின் கோடு 3 மி.மீ.க்குக் குறைந்தால் கையில் எடுக்கும்போதே உடையும். 4 முதல் 5 மி.மீ. நல்லது. லேசர் கதிர் தன் பாதையில் சுமார் 0.2 மி.மீ. பொருளை எரித்துவிடுகிறது, கோட்டின் இரு பக்கமும் 0.1 வீதம் குறையும். 4.8 மி.மீ. கோட்டுக்கு அது 4 விழுக்காடு, கண்ணுக்குத் தெரியாது. 2 மி.மீ. கோட்டுக்கு 10 விழுக்காடு. மெல்லியதும் தடித்ததுமாகக் கோடு மாறிவரும் புத்தக எழுத்துருக்களின் மெல்லிய பகுதி இங்கேதான் மாட்டிக்கொள்ளும். `Noto Serif Tamil` அச்சுக்கு நல்ல எழுத்துரு. இந்த அளவில் வெட்டுவதற்கு நான் அதை எடுக்க மாட்டேன்.

அதற்காக ஆகத் தடித்ததை எடுப்பதும் தவறு. கோடு தடிக்கத் தடிக்க உள்ளே இருக்கும் வெளி சுருங்குகிறது. இணைக்கொம்பின் இரண்டு சுழிகள், ண, ஞ, இ ஆகியவற்றின் உள்வளைவுகள் முதலில் அடைபடும். நடுத்தர எடையே இதற்குத் தோது. `Noto Sans Tamil`, `Catamaran` ஆகிய இரண்டும் 100 முதல் 900 வரை 9 எடைகளில் கிடைக்கின்றன. `Mukta Malar` 7 எடைகளில், `Hind Madurai` 5 எடைகளில். எல்லாம் திறந்த உரிமத்தில் விலையின்றிக் கிடைப்பவை, வணிக வேலைக்கும் தடையில்லை. எழுத்துருச் செலவு நம் கணக்கில் சுழியம். இந்தப் பலகைக்கு `Catamaran` போன்ற சீரான கோடுள்ள எழுத்துருவில் 500 அல்லது 600 எடையை எடுத்து, கோப்பில் கோட்டை அளந்து 4.8 மி.மீ. பக்கத்தில் வருகிறதா என்று பார்ப்பேன். லேசருக்குப் பதிலாகத் தேக்கில் சி.என்.சி. எந்திரத்தால் குடைவதென்றால் கணக்கு மாறும். 3 மி.மீ. விட்டமுள்ள முனை 3 மி.மீ.க்குக் குறுகலான எந்தச் சந்துக்குள்ளும் நுழையாது. கொம்பின் சுழி அதைவிடச் சிறியதாக இருந்தால் மரம் குடையப்படாமல் அங்கே ஒரு திட்டாக நின்றுவிடும்.

எழுத்துரு முடிவானதும் உரையை வெளிக்கோடாக மாற்ற வேண்டும். கடைகளில் ‘கர்வ் பண்ணுவது’ என்பார்கள். லேசர் எந்திரத்தின் கணினியில் உங்கள் எழுத்துரு இருக்காது. அது கேட்பது எழுத்தை அல்ல, வெட்டவேண்டிய பாதையை. மாற்றிய பிறகு அந்த வரியில் எழுத்து என்று எதுவும் இல்லை, வளைகோடுகள் மட்டுமே. எழுத்துப் பிழையை அதற்குப் பிறகு திருத்த முடியாது. எனவே திருத்தக்கூடிய கோப்பு ஒன்று, வெட்டுவதற்கான கோப்பு ஒன்று என இரண்டை வைத்துக்கொள்ளுங்கள். கோரல்டிராவில் `Ctrl+Q`, இல்லஸ்ட்ரேட்டரில் `Shift+Ctrl+O`, விலையின்றிக் கிடைக்கும் இங்க்ஸ்கேப்பில் `Path > Object to Path`. இங்க்ஸ்கேப் தமிழ் வடிவங்களைச் சரியாகவே அமைக்கிறது. நிறைய பெயர்களை ஒரே நேரத்தில் மாற்ற வேண்டியிருந்தால் கட்டளை வரியிலேயே முடித்துவிடலாம்:

```
inkscape peyar.svg --export-text-to-path --export-filename=vettu.svg
```

மாற்றியவுடன் வெட்டக் கொடுத்துவிடக் கூடாது. பல எழுத்துருக்களில், குறிப்பாக எடையைத் தொடர்ச்சியாக மாற்றக்கூடிய புதிய வகைகளில், ஓர் எழுத்து ஒன்றின்மேல் ஒன்று ஏறிய இரண்டு மூன்று வடிவங்களால் ஆனது. திரையில் எல்லாம் ஒரே கறுப்பாக நிரம்பியிருப்பதால் தெரிவதில்லை. லேசர் நிறத்தைப் பார்ப்பதில்லை, கோட்டைப் பின்தொடர்கிறது. ருவின் வால் தண்டின்மேல் ஏறியிருந்தால், ஏறிய இடத்தில் இரு கோடும் குறுக்கே வெட்டப்பட்டு ரு இரண்டாக விழும். தெரிந்துகொள்ள, நிரப்பு நிறத்தை நீக்கி வெறும் கோடாகப் பாருங்கள், இங்க்ஸ்கேப்பில் `View > Display Mode > Outline`. எழுத்தின் உடலுக்குள் குறுக்கே ஓடும் கோடு தெரிந்தால் அது ஏற்றம். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து `Path > Union` கொடுத்தால் கரைந்து ஒன்றாகிவிடும். கோரல்டிராவில் இதே வேலைக்கு `Weld`.

இப்போது 12க்கு வருவோம். ஒன்றாக்கிய பிறகு, புதிய இங்க்ஸ்கேப் பதிப்புகளில் உள்ள `Path > Split Path` கட்டளை ஒன்றையொன்று தொடாத பகுதிகளைத் தனித்தனியாகப் பிரிக்கும். எழுத்தின் உள்வெளிகளைத் தொடாது. கீழே உள்ள நிலைப்பட்டையில் 12 பொருள்கள் என்று வரவேண்டும். 11 வந்தால் ஏதோ இரண்டு ஒட்டிக்கொண்டிருக்கின்றன, பெரும்பாலும் புள்ளியும் எழுத்தும், அல்லது எழுத்திடைவெளி நெருங்கிப்போனதால் கொம்பும் பகரமும். 13 வந்தால் ஏதோ ஒன்று உடைந்திருக்கிறது, அல்லது அந்தப் புள்ளி வட்டம் எங்கோ ஒளிந்திருக்கிறது. `Break Apart` என்ற கட்டளையை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அது உள்வெளிகளையும் தனிப்பொருளாக்கிவிடும். எண்ணிக்கை கூடும், இ, ம ஆகியவற்றின் உள்பகுதிகள் அடைபட்டுத் தெரியும்.

அளவுச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பதில் மென்பொருட்களுக்குள் ஒற்றுமை இல்லை. 96 என்று ஒன்று எழுதிய கோப்பை 90 அல்லது 72 என்று இன்னொன்று வாசிக்கலாம். 90 என்று வாசித்தால் 520 மி.மீ. வரி 555 ஆகும், அடிப்பலகைக்குள் அடங்கும் என்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள். 72 என்றால் 693, பலகையைத் தாண்டிவிடும் என்பதால் உடனே தெரியும். கோப்பின் ஓரத்தில் சரியாக 100 மி.மீ. பக்கமுள்ள ஒரு சதுரம் வரைந்து அனுப்புங்கள். கடைக் கணினியில் அது 100 காட்டினால் மற்றதெல்லாம் சரி.

இனி பணம். கீழே உள்ள விலைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். உங்கள் ஊர் விலையை அதே இடத்தில் போட்டுக் கூட்டிக்கொள்ளலாம். எந்திர நேரத்துக்கு மட்டும் விளக்கம் தேவை. 12 துண்டுகளின் வெட்டுநீளம், உள்வெளிகளையும் சேர்த்து, சுமார் 3.1 மீட்டர். 3 மி.மீ. தகட்டில் நொடிக்கு 15 மி.மீ. வேகம் என்றால் மூன்றரை நிமிடம். அடிப்பலகையின் சுற்றளவு 1.5 மீட்டர், தடித்த தகடு என்பதால் நொடிக்கு 8 மி.மீ., இன்னும் மூன்றேகால் நிமிடம். தகட்டை வைத்துச் சரிசெய்வதையும் சேர்த்து 10 நிமிடம், நிமிடத்துக்கு 20 ரூபாய்.

| இனம் | ரூபாய் |
|---|---|
| கறுப்பு அடிப்பலகை, 1 சதுர அடி | 180 |
| பொன்னிறத் தகடு, அரை சதுர அடி | 100 |
| லேசர், 10 நிமிடம் | 200 |
| கோப்பு வேலை, 45 நிமிடம் | 300 |
| சுவரிலிருந்து தள்ளி நிறுத்தும் ஸ்டட், 4 | 120 |
| இருபக்க ஒட்டு நாடா | 50 |
| ஒட்டும் கூலி, 12 துண்டு | 150 |
| மொத்தம் | 1,100 |

பொருள்களுக்கு 450, மனித வேலைக்கு 450, எந்திரத்துக்கு 200. சதுர அடியை வைத்து மட்டும் பேரம் பேசுகிறவர் மொத்தத்தில் பாதிகூட இல்லாத பகுதியில்தான் பேரம் பேசுகிறார். பொன்னிறத் தகட்டில் எழுத்துகள் பரந்து கிடக்கும் இடம் 317 சதுர செ.மீ.; எழுத்தாக நிற்பது 75 சதுர செ.மீ. அளவுதான், ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. மிச்சம் பிடிக்க எழுத்துகளைக் கலைத்து நெருக்கி அடுக்கி வெட்டும் கடைகள் உண்டு. அதில் 40 ரூபாய் போலக் குறையலாம். நான் அதை வேண்டாம் என்பேன், காரணம் அந்தப் புள்ளிகள்.

புள்ளியின் விட்டம் 7 மி.மீ. என்று வையுங்கள். பரப்பு 38 சதுர மி.மீ., எடை 0.14 கிராம். ப எழுத்து அடிப்பலகையோடு பிடித்துக்கொள்ளும் பரப்பில் இது பன்னிரண்டில் ஒரு பங்கு. வெயிலில் நாடா இளகும்போது முதலில் விழுவது இதுதான், ஒட்டும்போது கோணலாவதும் இதுதான். இரண்டு வழிகள் உண்டு. வெளிக்கோடாக்கிய பிறகு புள்ளியை மட்டும் 9 மி.மீ. ஆக்கினால் ஒட்டும் பரப்பு 65 விழுக்காடு கூடும், கண்ணுக்கு உறுத்தாது. எழுத்துக்கும் அதற்கும் இடையே 3 மி.மீ. இடைவெளி மட்டும் இருக்கட்டும். இரண்டாவது, எழுத்துகளைப் பலகையில் நிற்கும் அதே வரிசையில் வெட்டி, வெட்டியபின் மிஞ்சும் ஓட்டைத் தகட்டைத் தூக்கி எறியாமல் அடிப்பலகைமேல் வைத்துக்கொள்வது. ஒவ்வொரு துண்டையும் அதனதன் ஓட்டைக்குள் இறக்கி ஒட்டினால் புள்ளி உட்பட 12ம் கணினியில் இருந்த இடத்திலேயே உட்காரும். கொம்பு ‘பொ’வோடு சேர்கிறதா தனித்து நிற்கிறதா என்ற ஐயமும் வராது. 40 ரூபாய்த் தகட்டுக்கு இது பெரிய இலாபம். கண்ணாடி அக்ரிலிக்கின் பின்பக்கம் பூச்சு இருப்பதால், அக்ரிலிக் கடைகளில் வழக்கமாக ஒட்டப் பயன்படுத்தும் குளோரோஃபார்ம் இதற்கு உதவாது. பூச்சைக் கரைத்து முகப்பில் கறை காட்டும்.

கடைசியாகப் பிழையின் விலை. கள்ளக்காலோ பிரிந்த ருவோ கோப்பிலேயே தெரிந்தால், கால் மணி நேர வேலை, 100 ரூபாய். வெட்டிய பிறகு, ஒட்டும் முன் தெரிந்தால் தகடு 100, லேசர் 100, கோப்பு 100, ஆக 300. ஒட்டிய பிறகு தெரிந்தால் ஸ்டட் தவிர ஏறக்குறைய எல்லாம் திரும்ப வேண்டும்: தகடு 100, அடிப்பலகை 180, லேசர் 200, நாடா 50, ஒட்டும் கூலி 150, கோப்பு 100, ஆக 780. முழுப் பலகையின் விலையில் 71 விழுக்காடு. அதனால் வெட்டுவதற்கு முன், வெளிக்கோடாக்கிய அந்தக் கோப்பையே உண்மை அளவில் காகிதத்தில் அச்சிட்டு, இரண்டு ஏ4 தாள்களை ஒட்டி வைத்துப் பாருங்கள். 100 மி.மீ. சதுரத்தை அளவுகோலால் அளந்து, துண்டுகளை எண்ணி, கோப்பைத் தயார் செய்தவர் அல்லாத ஒருவரை உரக்க வாசிக்கச் சொல்லி, அதன்பிறகு வெட்டச் சொல்லுங்கள்.